வாராந்தர ஒன்-ஆன்-ஒன்: "எல்லாம் ஓகே" என்ற பதிலைத் தாண்டிப் போவது எப்படி

நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு டெவலப்பரையோ டெஸ்டரையோ திடீரென்று ஒருநாள் மேனேஜர் ஆக்கிவிடுவார்கள். ஏழு பேர் அவருக்குக் கீழே வந்துவிடுவார்கள். ஒவ்வொருவரிடமும் வாரம் ஒருமுறை தனியாகப் பேச வேண்டும் என்று ஹெச்ஆர் மெயிலில் ஒரு வரி இருக்கும். என்ன பேசுவது என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அதனால் பல இடங்களில் அது இப்படித்தான் நடக்கிறது.

"அந்த டிக்கெட் என்ன ஆச்சு?"

"முடிச்சாச்சு."

"இன்னொண்ணு இருந்ததே?"

"நாளைக்கு முடிஞ்சிடும்."

"வேற ஏதாவது?"

"இல்லை, எல்லாம் ஓகே."

பத்து நிமிடத்தில் இருவரும் எழுந்துவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து அதே ஆள் ராஜினாமா மெயில் அனுப்பும்போது மேனேஜர், "ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே" என்பார்.

அந்த "எல்லாம் ஓகே"வைத் தாண்டிப் போவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். சென்னை ஓஎம்ஆர் பக்கம் நாம் பார்க்கும் சாதாரண மென்பொருள் டீம் ஒன்றை மனதில் வைத்து எழுதுகிறேன். ஏழெட்டுப் பேர், மாலையானால் வெளிநாட்டு க்ளையன்ட்டுடன் கால், வாரத்தில் சில நாள் அலுவலகம், மற்ற நாள் வீடு. வேறு துறையில் இருப்பவர்கள் டிக்கெட், ரிலீஸ் என்று வரும் இடங்களில் தங்கள் வேலையைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

இது யாருடைய மீட்டிங்?

முதலில் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்ட்ரூ க்ரோவ் 1980களிலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: இது கீழே வேலை செய்பவருடைய மீட்டிங், எதைப் பேசுவது என்று அவர்தான் பட்டியல் போட வேண்டும். அவர் சொன்ன காரணம் பெருந்தன்மை சம்பந்தப்பட்டதல்ல, வெறும் கணக்கு. எட்டுப் பேர் கொண்ட டீமில் மேனேஜர் பட்டியல் போட்டால் எட்டு முறை உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அவரவர் போட்டால் ஆளுக்கு ஒருமுறை யோசித்தால் போதும். தவிர, தன் வேலையில் எங்கே இடிக்கிறது என்பது அந்த வேலையைச் செய்பவருக்குத்தானே முதலில் தெரியும்.

நம் ஊரில் இது ஏட்டளவில் எல்லோருக்கும் சம்மதம்தான். ஆனால் அறைக்குள் போனதும் மேனேஜர் கேள்வி கேட்பார், எதிரே இருப்பவர் பதில் சொல்வார். பள்ளியில் தொடங்கிய பழக்கம், ஒரே நாளில் போகாது. கீழே சொல்லும் ஏற்பாடுகளில் பாதி இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதற்காகத்தான்.

1. நேரக் கணக்கு

ஆளுக்கு வாரம் 30 நிமிடம். காலண்டரில் 30 என்று போடுங்கள், ஆனால் உங்கள் பக்கம் அதன் பின்னால் 15 நிமிடத்தைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான விஷயம் பெரும்பாலும் 25ஆவது நிமிடத்துக்கு மேல்தான் வரும், "இன்னொண்ணு, சொல்லலாமான்னு தெரியலை" என்ற முன்னுரையோடு. அப்போது அடுத்த மீட்டிங்குக்கு எழுந்து ஓடினால் அந்த விஷயம் மறுபடி வராது. ஒன்றும் வரவில்லை என்றால் அந்த 15 நிமிடத்தில் குறிப்பு எழுதிக்கொள்ளலாம்.

க்ரோவ் ஒரு மணி நேரமாவது வேண்டும் என்றார். நேரம் குறைவாக இருந்தால் சட்டென்று முடியும் சின்ன விஷயங்களை மட்டுமே ஆட்கள் கொண்டுவருவார்கள் என்பது அவர் அனுபவம். உண்மைதான். ஆனால் வாரம் தவறாமல் சந்திக்கும்போது, பின்னால் கொஞ்சம் இடமும் இருந்தால், அரை மணி நேரம் போதும் என்பது என் கருத்து. ஏழு பேருக்கு வாரம் ஐந்தேகால் மணி நேரம் ஆகிறது. இது அதிகமாகத் தோன்றினால், ஒருவர் விலகிப் போனபின் அவர் இடத்துக்கு ஆள் எடுக்க எத்தனை இன்டர்வியூவில் உட்கார வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பத்துப் பேருக்கு மேல் இருந்தால் எல்லோருக்கும் வாரம் ஒருமுறை என்பது நடக்காது. புதிதாகச் சேர்ந்தவர், புது வேலைக்கு மாறியவர், ஏதோ சிக்கலில் இருப்பவர் ஆகியோருக்கு மட்டும் வாரம் ஒருமுறை. அதே வேலையில் தேர்ந்தவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வையுங்கள். சீனியர் என்பதற்காக மட்டும் குறைக்கக் கூடாது. எட்டு வருட அனுபவசாலியாக இருந்தாலும் புது டொமைனில் முதல் மாதம் அவரும் புதியவர்தான்.

எந்த நேரம் என்பதும் முக்கியம். திங்கள் காலை வேண்டாம், எல்லோரும் வாரத்தைத் திட்டமிடும் அவசரத்தில் இருப்பார்கள். வெள்ளி மாலையும் வேண்டாம், ஊருக்குப் பஸ் பிடிக்கிற நினைப்பு வந்துவிடும். மாலை 6 மணிக்கு மேல் க்ளையன்ட் கால் தொடங்கிவிடும். செவ்வாய், புதன், வியாழன், காலை 11 மணி அல்லது பிற்பகல் 3 மணி என்பது பல டீம்களுக்குச் சரிவரும். ஒரே நாளில் மூன்று பேருக்கு மேல் வைத்தால் நான்காமவருக்குக் கிடைப்பது களைத்துப்போன காதுதான்.

தேதி வைத்தபின் ஒரே விதி: தள்ளிப் போடலாம், ரத்து செய்யக் கூடாது. ரிலீஸ் நாளில் முடியவில்லையா? அதே வாரத்துக்குள் வேறு நேரம் நீங்களே போட்டு அனுப்புங்கள். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று இரண்டு தடவை சொன்னால், தன்னைவிட முக்கியமானவை உங்களுக்கு நிறைய இருக்கின்றன என்று அவர் புரிந்துகொள்வார். மூன்றாவது தடவை அவர் ஒன்றும் கொண்டுவர மாட்டார்.

2. அழைப்புக்கு முன் ஒரு வார்த்தை

நம் அலுவலகங்களில் மேனேஜரிடமிருந்து காரணம் சொல்லாமல் ஒரு மீட்டிங் அழைப்பு வந்தால் வயிறு கலங்கும். ப்ராஜெக்ட்டிலிருந்து தூக்கப் போகிறார்களா, பெஞ்சில் உட்கார வைக்கப் போகிறார்களா என்று பக்கத்து சீட்டில் விசாரணை தொடங்கிவிடும். அதனால் காலண்டர் அழைப்பை அனுப்புவதற்கு முதல் நாள் டீம் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும், பிறகு இப்படி ஒரு செய்தி போதும்:

"அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொருவருடனும் வாரம் அரை மணி நேரம் தனியாகப் பேசப் போகிறேன். எல்லோருடனும்தான். டிக்கெட் நிலவரம் கேட்க மாட்டேன், அதற்கு ஸ்டாண்ட்-அப் இருக்கிறது. வேலையில் எது தடையாக இருக்கிறது, எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை, என்னிடமிருந்து என்ன வேண்டும் என்பதைப் பேசலாம். என்ன பேசுவது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். இது அப்ரைசல் இல்லை."

இதில் "எல்லோருடனும்தான்" என்ற சொல்லும் கடைசி வாக்கியமும் கட்டாயம் இருக்கட்டும். அவை இல்லாவிட்டால் மற்றதை யாரும் நம்ப மாட்டார்கள்.

3. ஆளுக்கு ஒரு குறிப்பேடு

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு ஆவணம். அதை நீங்கள் இருவர் மட்டுமே பார்க்க முடிய வேண்டும். திறந்து பகிர்வு அமைப்பை ஒருமுறை சரிபாருங்கள், டீம் ஃபோல்டருக்குள் போட்டால் தானாகவே எல்லோருக்கும் தெரியும். வாரத்துக்கு ஒரு தேதி, அதன் கீழே மூன்று தலைப்பு: அவர் கொண்டுவருவது, நான் கொண்டுவருவது, யார் எதை எப்போதுக்குள் செய்வது. அவருடைய பகுதி மேலே இருக்க வேண்டும். முதல் நாள் மாலைக்குள் அவர் இரண்டு வரி எழுதினால் போதும்.

முதல் இரண்டு மூன்று வாரம் அவர் பகுதி காலியாகத்தான் இருக்கும். கோபித்துக்கொள்ள வேண்டாம். மீட்டிங்கின் முதல் இரண்டு நிமிடத்தில் "இப்ப யோசிச்சு ரெண்டு வரி எழுதுங்க, நான் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே காத்திருங்கள். போனைப் பார்க்காதீர்கள்.

உடல்நலம், கர்ப்பம், வீட்டுத் தகராறு, கடன் போன்றவற்றை எந்த ஆவணத்திலும் எழுத வேண்டாம். "புதன்கிழமைகளில் 4 மணிக்குக் கிளம்புவார்" என்ற ஏற்பாட்டை எழுதினால் போதும், காரணம் வேண்டாம். உங்களுக்கு இடமாற்றம் வந்தால் அந்தக் குறிப்பேடு அடுத்த மேனேஜர் கைக்குப் போகக்கூடும்.

4. அந்த அரை மணி நேரம்

சென்ற வாரம் "யார் எதைச் செய்வது" என்று எழுதியதில் உங்கள் பெயருக்கு எதிரே இருப்பதை முதலில் எடுங்கள். அவருடையதை இல்லை, உங்களுடையதை. "பில்ட் நேரம் பற்றி டெவ் லீடிடம் பேசுகிறேன் என்றேன், பேசிவிட்டேன், இதுதான் பதில்" என்று தொடங்கினால் மீட்டிங்கின் தொனியே மாறிவிடும். செய்யவில்லை என்றால் அதையும் சொல்லிப் புது தேதி சொல்லுங்கள். இது இரண்டு நிமிட வேலைதான். ஆனால் இந்த மீட்டிங்கை நம்பலாமா வேண்டாமா என்று அவர் முடிவெடுப்பது இங்கேதான்.

பிறகு அவர் பகுதி. அதற்கு 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். அதன்பின் உங்களுடையது, கடைசி மூன்று நிமிடம் யார் எதைச் செய்வது என்று எழுதுவதற்கு. அவர் கொண்டுவந்ததிலேயே முழு நேரமும் போய்விட்டால் நல்லதே, உங்களுடையது அடுத்த வாரம் வரை காத்திருக்கட்டும்.

டிக்கெட் பேச்சு எப்படியும் உள்ளே நுழையும். ஏனென்றால் அது இருவருக்குமே பாதுகாப்பானது. அவருக்கு வேலை செய்ததைக் காட்டின திருப்தி, உங்களுக்குக் கட்டுப்பாட்டில் இருக்கிற நிம்மதி. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. இப்போது பேசுவதை ஜிரா பலகையைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியுமா? முடியும் என்றால், "இதை ஸ்டாண்ட்-அப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நிறுத்திவிடுங்கள். ஆனால் "அந்த டிக்கெட்டை எடுக்கவே பிடிக்கலை" என்று அவர் சொன்னால் அது ஜிராவில் இருக்காது. அங்கே நின்று கேளுங்கள்.

5. "எல்லாம் ஓகே"

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். பிரச்சினை இருக்கிறது என்று மேனேஜரிடம் சொல்வது நம் ஊரில் குறை சொல்வதாக, இல்லாவிட்டால் தன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வதாக ஆகிவிடுகிறது. அதுவும் பிரச்சினைக்குக் காரணம் உடன் வேலை செய்பவர் என்றால் போட்டுக்கொடுத்த பெயர் வந்துவிடும். ஆகவே பிரச்சினை என்ற சொல்லையே விட்டுவிட்டு, நடந்ததைப் பற்றிக் கேட்க வேண்டும்.

"இந்த வாரம் நீங்க நினைச்சதைவிட அதிக நேரம் எடுத்த வேலை எது?" இந்தக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் சொல்ல முடியாது, ஏதாவது ஒன்று இருந்தே தீரும். அதில் அவர் குற்றமும் இல்லை, வேறு யார் குற்றமும் இல்லை. அடுத்தது, "யாரோட பதிலுக்காகக் காத்திருந்தீங்க?" இதுவும் அப்படித்தான். "இந்த வாரம் எந்த நாள் ரொம்ப லேட்டா முடிஞ்சது? அன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால் ஒரு நாளின் கதை வரும். கதைக்குள்தான் விஷயம் இருக்கும். சில வாரம் பழகியபின், "நான் செய்யறதில உங்க வேலையை மெதுவாக்கறது ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்கலாம். முதல் வாரத்திலேயே இதைக் கேட்காதீர்கள். சொன்னால் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து என்று அவர் முழிப்பார்.

கேட்டபின் சும்மா இருக்க வேண்டும். பத்து விநாடி மௌனம் நமக்கு ஒரு யுகம் போல இருக்கும், உடனே வேறு கேள்விக்குத் தாவிவிடுவோம். அவர் அப்போதுதான் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். மனதுக்குள் பத்து எண்ணுங்கள்.

ஒரு வாரத்துக்கு இந்தக் கேள்விகளில் ஒன்றிரண்டு போதும். எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டால் அது விசாரணை ஆகிவிடும்.

6. ஒரு டெஸ்டரின் நான்கு வாரம்

இது எப்படிப் படிப்படியாகத் திறக்கிறது என்பதை ஒரு கற்பனை உதாரணத்தில் பார்க்கலாம். செல்வி என்று வைத்துக்கொள்வோம். நாலு வருட அனுபவம், பேமென்ட் மாட்யூலுக்கு மேனுவல் டெஸ்டர். நல்ல கை. ஆனால் கடந்த இரண்டு ஸ்பிரிண்டாக அவர் மூடிய டிக்கெட்டுகள் திரும்பத் திறக்கப்படுகின்றன. இரவு 9 மணிக்கும் ஆன்லைனில் தெரிகிறார்.

முதல் வாரம்: "எல்லாம் ஓகே." மேனேஜர் திரும்பத் திறக்கப்பட்ட டிக்கெட்டுகளைப் பற்றிக் கேட்கலாமா என்று நினைக்கிறார், கேட்கவில்லை. சரியான முடிவு. முதல் சந்திப்பிலேயே தவறைக் காட்டினால் இனி வாரா வாரம் அவர் தற்காத்துக்கொள்ளத் தயாராகி வருவார். ஆனால் இதைக் காலவரையின்றித் தள்ளவும் கூடாது, இரண்டு வாரம்தான் கெடு.

இரண்டாம் வாரம், அதிக நேரம் எடுத்த வேலை எது என்ற கேள்வி.

"ரெக்ரெஷன்தான். ஒண்ணரை நாள்ல முடியவேண்டியது மூணு நாள் ஆச்சு."

"ஏன் அப்படி?"

"பில்ட் சாயங்காலம் 5 மணிக்குத்தான் வருது. அதுக்கப்புறம் என்விரான்மென்ட் எழுந்திருக்க அரை மணி நேரம். ஏழரைக்கு க்ளையன்ட் கால். நடுவுல எவ்வளவு முடியுமோ அவ்வளவு பாத்து மூடறேன்."

திரும்பத் திறக்கப்படும் டிக்கெட்டுகளுக்கான காரணம் கிடைத்துவிட்டது. ஆள் அசட்டையாக இல்லை, இரண்டு மணி நேரத்துக்குள் முழு டெஸ்டையும் அடைக்கிறார். மேனேஜர் இப்போது அந்த எண்ணிக்கையைச் சொல்லலாம்: "ஆமா, போன ஸ்பிரிண்ட்ல ஆறு டிக்கெட் திரும்ப வந்தது, இதுதான் காரணம்னு தோணுது. பில்ட் நேரத்தை நான் டெவ் லீடுகிட்ட பேசறேன். அதுவரைக்கும் முழுசாப் பாக்காததை மூடவேண்டாம், அடுத்த நாளைக்குத் தள்ளுங்க. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க." குறிப்பேட்டில் மேனேஜர் பெயருக்கு எதிரே ஒரு வரி ஏறுகிறது.

மூன்றாம் வாரம் மேனேஜர் பதிலோடு வருகிறார். தினமும் மதியம் 12 மணிக்கு ஒரு பில்ட் தர டெவ் லீட் ஒத்துக்கொண்டார், ரிலீஸுக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் முடியாதாம். பாதி வெற்றிதான், அதை அப்படியே சொல்கிறார். செல்வி பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை, "தேங்க்ஸ்" என்று மட்டும். ஆனால் முதல்முறையாக அவர் பகுதியில் அவரே ஒரு வரி எழுதியிருக்கிறார்: டெஸ்ட் டேட்டா அக்கவுன்ட் பற்றாக்குறை.

நான்காம் வாரம், 25ஆவது நிமிடத்தில்: "ஒண்ணு கேக்கணும். ஆட்டோமேஷன் வேலையைப் புதுசா வந்த பையன்கிட்ட குடுத்தீங்க. எனக்கு அது வராதுன்னு நினைக்கிறீங்களா?"

நாலு வாரமாக உள்ளே இருந்தது இதுதான். பில்ட் நேரம் பொய்யில்லை, ஆனால் அவர் வேறு கம்பெனி தேடத் தொடங்கியிருந்தால் அதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். மேனேஜர் உடனே மறுத்து ஆறுதல் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டும்: "அவன் காலேஜ்ல ஜாவா படிச்சிருந்தான், பேமென்ட் மாட்யூலை உங்களைவிட்டா பாக்க ஆள் இல்லை, அதனால குடுத்தேன். உங்ககிட்ட கேட்டிருக்கணும்." அடுத்த கேள்வி, "உங்களுக்கு அதுல போகணுமா?"

போகணும் என்கிறார். அப்போது எழுதப்படுவது பெரிய வாக்குறுதி இல்லை. வியாழன்தோறும் காலை இரண்டு மணி நேரம் ஆட்டோமேஷனுக்கு ஒதுக்கீடு. லாகின் பகுதியில் பத்து டெஸ்ட் கேஸ் முதல் இலக்கு, ஆறு வாரம் கெடு. அந்தப் புதுப் பையனே உட்கார்ந்து சொல்லித்தருவான். பேமென்ட் ரெக்ரெஷனில் இன்னொருவரைப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இரண்டு மணி நேரம் முதல் ரிலீஸிலேயே காணாமல் போய்விடும். டெசிக்னேஷன் மாறுமா என்று செல்வி கேட்டால், "அது என் கையில் மட்டும் இல்லை, பத்து டெஸ்ட் ஓடினபிறகு என் மேனேஜரிடம் எடுத்துப் போகிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நாலு வாரத்தில் இது எல்லோருக்கும் நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலருக்கு நாலு மாதம் ஆகும். சிலர் எப்போதுமே திறக்க மாட்டார்கள். வேலை வேலையாக இருக்கட்டும் என்று நினைப்பவர்கள், அது அவர்கள் உரிமை. அவர்களோடு தடைகளை மட்டும் பேசி 15 நிமிடத்தில் முடிப்பதில் தவறே இல்லை.

7. "பாத்துக்கறேன்" என்று சொல்லாதீர்கள்

மேனேஜர்கள் வாயில் தினமும் புரளும் சொல் இது. சம்பளம் ஏத்துங்க என்றால், "பாத்துக்கறேன்". ஷிஃப்ட் மாத்துங்க, "பாத்துக்கறேன்". நீங்கள் "கேட்டுக்கொண்டேன்" என்ற பொருளில் சொல்கிறீர்கள், அவர் "செய்து தருகிறேன்" என்று எடுத்துக்கொள்கிறார். ஆறு மாதம் கழித்து அப்ரைசல் கடிதம் வரும்போது இந்த இடைவெளி வெடிக்கிறது.

அதற்குப் பதில் மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள். முடியும், இந்தத் தேதிக்குள். முடியாது, காரணம் இது. தெரியவில்லை, இன்னாரிடம் கேட்டு அடுத்த ஒன்-ஆன்-ஒன்னில் சொல்கிறேன். சம்பளப் பேச்சில் பெரும்பாலும் மூன்றாவதுதான் பொருந்தும், கூடவே அப்ரைசல் சுற்று எப்போது, அதில் உங்கள் பங்கு என்ன, உங்கள் கையில் இல்லாதது எது என்று விளக்கலாம். "முடியாது" என்று நேராகச் சொன்னதற்காக வேலையை விட்டவர்களைவிட, நம்பவைத்து ஏமாற்றியதாக நினைத்து விட்டவர்கள்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

குறை சொல்ல வேண்டியதையும் அப்ரைசலுக்குச் சேர்த்து வைக்காதீர்கள், அந்த வாரமே சொல்லுங்கள். குணத்தைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல வேண்டும். "நீங்க கம்யூனிகேஷன்ல வீக்" என்றால் அவர் என்ன செய்வார்? "செவ்வாய்க்கிழமை காலில் டெப்ளாய்மென்ட் தள்ளிப்போனதை க்ளையன்ட் கேட்டபிறகுதான் சொன்னீங்க. அவங்க அன்னைக்கு அவங்க டீமை உட்கார வெச்சிருந்தாங்க. அடுத்த தடவை தள்ளிப்போகும்னு தெரிஞ்ச உடனே ஒரு மெசேஜ் போடுங்க." இதில் செய்வதற்கு ஒன்று இருக்கிறது.

8. ரகசியத்துக்கு எல்லை உண்டு

"யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்" என்று ஒருவர் தொடங்கும்போது, கேட்பதற்கு முன் சத்தியம் செய்யாதீர்கள். "பொதுவா இங்க பேசறது நமக்குள்ளதான். ஆனா யாருக்காவது பாதுகாப்புப் பிரச்சினை, சட்டப் பிரச்சினைன்னா நான் சும்மா இருக்க முடியாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்வதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

பணியிடத்தில் பாலியல் தொல்லை பற்றி ஒரு பெண் ஊழியர் சொன்னால், நீங்கள் சமரசம் பேசவோ இரு தரப்பையும் விசாரிக்கவோ கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவின் விவரத்தைக் கொடுத்து, புகார் எழுத்தில் தர வேண்டும், பொதுவாகச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் தர வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். கெடு இருப்பது பலருக்குத் தெரியாது. எழுத அவருக்கு உதவி தேவைப்பட்டால் குழுவினர் செய்து தர வேண்டும். "முதல்ல நான் அவர்கிட்ட பேசிப் பாக்கறேன்" என்று நல்லெண்ணத்தோடு கிளம்பும் மேனேஜர்தான் இதில் அதிகக் கெடுதல் செய்கிறார்.

9. கெட்டுப்போகும் விதங்கள்

பேச்சில் பாதிக்கு மேல் உங்களுடையது என்றால் அது உங்கள் மீட்டிங் ஆகிவிட்டது. ஒரே வரி மூன்று வாரமாகக் குறிப்பேட்டில் "செய்ய வேண்டியது" என்று நகர்ந்துகொண்டே இருந்தால், ஒன்று அது செய்ய முடியாதது அல்லது உங்களுக்கு அக்கறை இல்லாதது, இரண்டில் எது என்று சொல்லி வெட்டிவிடுங்கள். அவர் சொன்ன விஷயம் டீம் மீட்டிங்கில் உங்கள் வாயிலிருந்து "சிலர் சொல்றாங்க" என்று வந்தால், ஏழு பேர் டீமில் அந்தச் "சிலர்" யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதோடு அவர் கதவு சாத்திக்கொள்ளும்.

இன்னொன்று அவ்வளவாகக் கண்ணில் படாது. டீக்கடை. டீமில் நாலு ஆண்களோடு தினமும் கீழே போய் டீயும் தம்முமாக நின்று பேசுகிற மேனேஜர், அங்கேயே அவர்களுடைய எல்லாக் கதையையும் கேட்டுவிடுகிறார். அடுத்த ப்ராஜெக்ட் பற்றிய சேதியையும் அங்கேதான் அவிழ்த்துவிடுகிறார். மற்ற மூன்று பெண்களுக்குக் கிடைப்பது வாரம் அரை மணி நேரம் மட்டும். டீக்கடைக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அங்கே சொன்ன வேலைச் செய்தியை அதே வாரத்தில் மற்றவர்களின் ஒன்-ஆன்-ஒன்னிலும் சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி இடம் என்பதும் நல்லது: கண்ணாடிச் சுவர் உள்ள சின்ன மீட்டிங் அறை, வெளியே ஆள் தெரியும், பேச்சு கேட்காது. வீட்டிலிருந்து பேசுகிறவரிடம் கேமராவை வற்புறுத்தாதீர்கள். ஒரே அறையில் மாமியாரும் குழந்தையும் இருக்கும்போது யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். அவர் மாடியில் நடந்துகொண்டே போனில் பேசட்டும்.

10. நோட்டீஸ் பீரியடில்

இவ்வளவு செய்தும் ஒருவர் ராஜினாமா தருவார். நோட்டீஸ் பீரியட் பல இடங்களில் 60 அல்லது 90 நாள். அந்த மெயில் வந்த அன்றே பல மேனேஜர்கள் அவருடைய ஒன்-ஆன்-ஒன்னைக் காலண்டரிலிருந்து அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள், கடைசி வாரம் வரை நடக்கட்டும். முதல் வாரம் இருக்கச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம், ஒரே ஒருமுறை. அப்புறம் அந்தப் பேச்சை விட்டுவிட்டு, கைமாற்ற வேண்டிய வேலை எது, யாரிடம் என்று பட்டியல் போடுங்கள். எந்த வேலையெல்லாம் அவர் தலையில் மட்டும் இருந்தது என்பது அப்போதுதான் தெரியவரும்.

கடைசி இரண்டு வாரத்தில், இழக்க ஒன்றும் இல்லாத நிலையில், அவர் டீமைப் பற்றி இதுவரை சொல்லாததைச் சொல்லக்கூடும். "இந்த டீம்ல அடுத்து யார் சோர்ந்துபோயிருக்காங்கன்னு நினைக்கிறீங்க?" என்று பெயர் கேட்காதீர்கள், அவரைச் சங்கடத்தில் மாட்டும். "நீங்க என் இடத்துல இருந்தா அடுத்த மாசம் முதல்ல எதை மாத்துவீங்க?" என்று கேளுங்கள். வரும் பதிலை எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் மற்ற ஆறு பேரின் ஒன்-ஆன்-ஒன்னுக்குப் போகும்போது "நான் கொண்டுவருவது" என்ற பகுதியில், யார் சொன்னது என்று குறிப்பிடாமல், உங்கள் கேள்வியாக அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.